ஊர்ப் பஞ்சாங்கத்தை வைத்து வெளிநாட்டில் திதி பார்ப்பது எப்படி

ஊரில் அமாவாசை வெள்ளிக்கிழமை என்று அக்கா போனில் சொல்கிறார். நியூயார்க்கில் இருக்கும் கோயில் அட்டவணையில் வியாழக்கிழமை என்று போட்டிருக்கிறது. கைப்பேசிச் செயலியைத் திறந்தால் வியாழன், வெள்ளி இரண்டு நாளிலும் அமாவாசை என்கிறது. மூன்றில் ஒன்றுதான் சரியாக இருக்க வேண்டும் என்று நினைப்போம். மூன்றுமே சரியாக இருக்க முடியும், ஒவ்வொன்றும் வேறு கேள்விக்குப் பதில் சொல்வதால்.

வெளிநாட்டில் குடியேறி, முதல்முறையாகத் தாமே நாள் பார்த்துத் தர்ப்பணமோ சிராத்தமோ செய்ய வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விரதங்களுக்கும் பண்டிகைகளுக்கும் இதே முறைதான். ஆனால் தவறினால் அதிகம் வருத்தம் தருவது பெற்றோரின் திதி என்பதால் அதையே வைத்துச் சொல்கிறேன்.

## 1. இரண்டு கேள்விகளையும் முதலில் பிரியுங்கள்

திதி என்பது சந்திரனுக்கும் சூரியனுக்கும் இடையிலான கோண இடைவெளி. ஒவ்வொரு 12 பாகைக்கும் ஒரு திதி. இந்த இடைவெளி சென்னையில் இருந்து பார்த்தால் ஒன்று, சிகாகோவில் இருந்து பார்த்தால் வேறொன்று என்று பஞ்சாங்கம் கணிப்பதில்லை. பூமியின் மையத்தை வைத்தே கணிக்கிறது. ஆகவே அமாவாசை பிறக்கும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றுதான். அந்தக் கணத்தில் உங்கள் சுவர்க் கடிகாரம் எத்தனை மணி காட்டுகிறது என்பது மட்டுமே மாறும்.

நாள் என்பது அப்படி இல்லை. பஞ்சாங்கத்தின் நாள் நள்ளிரவில் தொடங்காது. சூரிய உதயத்தில் தொடங்கி அடுத்த உதயத்தில் முடியும். உதயம் ஊருக்கு ஊர் வேறு. ஒரு திதி சராசரியாக 23 மணி 37 நிமிடம் இருக்கும். ஆனால் சந்திரனின் வேகத்தைப் பொறுத்து ஏறக்குறைய 19 மணியில் இருந்து 26 மணிக்கு மேல் வரை போய்வரும். இந்த நீளமான பட்டையை எந்த ஊரின் உதயங்கள் எங்கே வெட்டுகின்றன என்பதைப் பொறுத்து, அது அந்த ஊரில் எந்தத் தேதியைச் சேரும் என்பது முடிவாகும்.

எனவே கேள்விகள் இரண்டு. ஒன்று, குறிப்பிட்ட கணத்தில் என்ன திதி நடந்தது? இதற்கு ஊர் முக்கியமில்லை, நேரத்தைச் சரியாக மாற்றினால் போதும். இரண்டு, அந்தத் திதி என் ஊரில் எந்த நாளுக்கு உரியது? இதற்கு உங்கள் ஊரின் உதயமும் அஸ்தமனமும் இல்லாமல் விடை இல்லை. இறந்தவரின் திதி என்ன என்பது முதல் வகை. அந்தத் திதியை இந்த வருடம் எந்தத் தேதியில் கொடுப்பது என்பது இரண்டாம் வகை. குழப்பங்களில் பெரும்பாலானவை ஒன்றின் முறையை மற்றதற்குப் பயன்படுத்துவதால் வருகின்றன.

## 2. கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை

முதலாவது, மரணம் நிகழ்ந்த நேரம். தேதி மட்டும் போதாது. இந்தியாவில் பதிவு அலுவலகம் தரும் இறப்புச் சான்றிதழில் பொதுவாக நாள்தான் இருக்கும், நேரம் இருக்காது. மருத்துவமனை தந்த இறப்புச் சுருக்கத்தில் நேரம் இருக்கும். அந்தத் தாளை யாரும் பத்திரப்படுத்துவதில்லை, காப்பீட்டு வேலை முடிந்ததும் தொலைந்துவிடும். அதைத் தேடி எடுங்கள், அல்லது இப்போதே கேட்டு வாங்குங்கள். அமெரிக்கச் சான்றிதழில் நேரத்திற்கு ஒரு கட்டம் உண்டு. அதில் உள்ளது மருத்துவர் உறுதிசெய்த நேரமாகவும் இருக்கலாம், ஆகவே உடன் இருந்தவர்களிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். திதி மாறும் வேளைக்கு அருகில் இருந்தால்தான் இந்த வித்தியாசம் பொருட்டாகும்.

இரண்டாவது, எந்த ஊரில் நிகழ்ந்தது என்ற விவரமும், அன்று அங்கே நடப்பில் இருந்த நேரக்கணக்கும்.

மூன்றாவது, குடும்பம் பின்பற்றும் பஞ்சாங்கம் வாக்கியமா திருக்கணிதமா என்ற தகவல். இரண்டுக்கும் திதி முடியும் நேரம் சில நாள்களில் மணிக்கணக்கில் வேறுபடும். எது சரி என்ற வாதத்துக்குள் இங்கே போகவில்லை. ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே இருங்கள் என்பது மட்டும் போதும். திதியை வாக்கியத்தில் கண்டுபிடித்துவிட்டு நாளைத் திருக்கணிதத்தில் பார்ப்பதுதான் தவறு. கீழே வரும் எடுத்துக்காட்டுகள் எல்லாம் திருக்கணிதப்படி.

நான்காவது, நீங்கள் இப்போது வசிக்கும் ஊரின் உதய, அஸ்தமன நேரங்கள். timeanddate.com போன்ற தளங்களில் இலவசமாகக் கிடைக்கும்.

இதில் எதற்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒரு அச்சுப் பஞ்சாங்கம் ஊரில் இருந்து வரவழைத்தால் அந்தச் செலவு மட்டுமே.

## 3. நேரத்தை மாற்றுங்கள், நாழிகையை மாற்றாதீர்கள்

அச்சுப் பஞ்சாங்கத்தில் திதிக்கு எதிரே ‘30.35’ என்பது போல ஒரு எண் இருக்கும். உதயத்தில் இருந்து 30 நாழிகை 35 விநாடி வரை அந்தத் திதி இருக்கும் என்பது பொருள். ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு விநாடி 24 நொடி. பஞ்சாங்கம் சொல்லும் இந்த விநாடி கடிகாரத்தின் விநாடி இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பெரிய பொறி இங்கேதான் இருக்கிறது. அந்த எண் எந்த ஊருக்குக் கணிக்கப்பட்டதோ அந்த ஊரின் உதயத்தில் இருந்து எண்ண வேண்டியது. 2024 நவம்பர் 1 அன்று சென்னையில் உதயம் காலை 6:02 ஒட்டி. அமாவாசை அன்று 30 நாழிகை 35 விநாடி, அதாவது 12 மணி 14 நிமிடம். கூட்டினால் மாலை 6:16. இது இந்திய நேரம். நியூயார்க்கில் இருப்பவர் அதே 30.35-ஐ எடுத்துத் தம் ஊர் உதயமான 7:24-உடன் கூட்டினால் இரவு 7:38 வரை அமாவாசை என்று வரும். உண்மையில் அங்கே அது காலை 8:46-க்கே முடிந்துவிட்டது. ஏறக்குறைய 11 மணி நேரப் பிழை.

சரியான வரிசை இது: நாழிகையை ஊர் உதயத்தோடு கூட்டி இந்திய மணியாக்குங்கள். பிறகு இந்திய மணியை உங்கள் மணியாக மாற்றுங்கள். தினசரிக் காலண்டரில் நேரடியாக மணி போட்டிருந்தால் முதல் வேலை மிச்சம்.

மணியை மாற்றும்போது கோடைநேரத்தைக் கவனியுங்கள். அமெரிக்காவும் பிரிட்டனும் ஒரே நாளில் கடிகாரத்தைத் திருப்புவதில்லை. 2024-இல் பிரிட்டன் அக்டோபர் 27 அன்று திருப்பியது, அமெரிக்கா நவம்பர் 3 அன்று. இடைப்பட்ட வாரத்தில் லண்டனுக்கும் இந்தியாவுக்கும் 5½ மணி வித்தியாசம், நியூயார்க்குக்கு இன்னும் 9½ மணிதான். வழக்கமாக மனதில் வைத்திருக்கும் எண்ணைப் போட்டால் ஒரு மணி நேரம் தவறும். ஐப்பசி அமாவாசை பெரும்பாலும் இந்த வாரங்களை ஒட்டித்தான் வருகிறது.

பழைய மரணங்களுக்கு இன்னொரு பொறி உண்டு. நாடுகள் தங்கள் நேரத்தையே மாற்றியிருக்கின்றன. சிங்கப்பூரும் தீபகற்ப மலேசியாவும் 1982 தொடக்கத்தில்தான் உலகப் பொது நேரத்துக்கு 8 மணி முன்னால் என்ற இப்போதைய கணக்குக்கு வந்தன. அதற்கு முன் 7½ மணி. இலங்கை 1996 மே மாதம் 6½ மணிக்கும், அதே ஆண்டு அக்டோபரில் 6 மணிக்கும் மாறி, 2006 ஏப்ரலில் மறுபடி 5½ மணிக்குத் திரும்பியது. அந்தப் பத்தாண்டில் வடக்கே எல்லாப் பகுதிகளும் புதிய நேரத்தை ஏற்கவில்லை. ஆகவே 2000-இல் கொழும்பில் நிகழ்ந்ததையும் வன்னியில் நிகழ்ந்ததையும் ஒரே கணக்கில் மாற்றக் கூடாது. வீட்டில் இருந்தவர்கள் எந்த நேரத்தைக் கடிகாரத்தில் வைத்திருந்தார்கள் என்று கேட்பதுதான் ஒரே வழி.

## 4. மரணத் திதியைக் கண்டுபிடியுங்கள்

சிராத்தத்துக்கு எடுத்துக்கொள்வது உயிர் பிரிந்த வேளையில் நடந்த திதி. அன்று காலை உதயத்தில் என்ன திதி இருந்தது என்பது இல்லை. ஆகவே இந்தப் படியில் உதயம் தேவையே இல்லை.

2024 நவம்பர் 1, வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு நியூயார்க்கில் ஒருவர் இறந்ததாக வைத்துக்கொள்வோம். ஊரில் உள்ளவர்கள் நவம்பர் 1 தாளைக் கிழித்துப் பார்த்து ‘ஐப்பசி அமாவாசை, எவ்வளவு புண்ணியம்’ என்பார்கள். 10 மணியுடன் 9½ மணியைக் கூட்டுங்கள். இந்தியாவில் அப்போது இரவு 7:30. அமாவாசை 6:16-க்கே முடிந்து வளர்பிறைப் பிரதமை நடக்கிறது. ஆகவே அவருடைய திதி ஐப்பசி மாத வளர்பிறைப் பிரதமை. அதே நாள் காலை 7:40-க்கு இறந்திருந்தால் இந்தியாவில் மாலை 5:10, அமாவாசை. இரண்டும் ஒரே சான்றிதழ்த் தேதி.

இந்த ஒரு படியைத் தவறாகச் செய்தால் பிழை ஒரு வருடத்தோடு நிற்பதில்லை. ஒவ்வொரு வருடமும் தவறான திதியிலேயே கொடுத்துக்கொண்டிருப்போம். முதல் மாசிகத்துக்கு முன்பே இதை உறுதிப்படுத்திவிடுங்கள்.

அமெரிக்காவில் மாலைக்குப் பின் நிகழ்ந்தவற்றில் இன்னும் கவனம் தேவை. நியூயார்க்கின் இரவு 8 மணி, அந்தக் காலக்கட்டத்தில் இந்தியாவில் மறுநாள் அதிகாலை 5:30. தேதி மாறியிருக்கும், ஆனால் உதயம் ஆகியிருக்காது. எந்தத் தாளைப் பார்ப்பது? பஞ்சாங்கத்துக்கு அது இன்னும் முந்தைய நாள்தான். எனவே முந்தைய தேதியின் தாளில் ‘இந்த மணி வரை இது, பின்பு அது’ என்று போட்டிருப்பதில், அந்த மணி அதிகாலை 5:30-க்கு முன்பே வந்துவிட்டால் ‘பின்பு’ என்பதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

## 5. இந்த வருடத் தேதியை உங்கள் ஊரில் முடிவுசெய்யுங்கள்

இனி உதயம் தேவை. ஒவ்வொரு காரியத்துக்கும் திதி எந்த வேளையில் இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. ஏகாதசிக்கு உதயத்தில் பார்ப்பார்கள். வைணவர்கள் உதயத்துக்கு 4 நாழிகை முன்பே தசமி விலகியிருக்க வேண்டும் என்பார்கள். பிரதோஷத்துக்கு அஸ்தமன வேளையில் திரயோதசி இருக்க வேண்டும். மகாசிவராத்திரிக்கு நள்ளிரவில் சதுர்த்தசி. சங்கடஹர சதுர்த்திக்குச் சந்திரன் உதிக்கும்போது சதுர்த்தி. சிராத்தத்துக்கும் தர்ப்பணத்துக்கும் அபரான்னம்.

அபரான்னம் என்பது பகலின் நான்காவது பகுதி. உதயத்தில் இருந்து அஸ்தமனம் வரை உள்ள பகலை ஐந்து சமபங்காகப் பிரித்தால் பிராதக்காலம், சங்கவம், மத்தியானம், அபரான்னம், சாயங்காலம் என்று வரும். பகலின் நீளத்தை 5-ஆல் வகுத்து, அதை மூன்று முறை உதயத்தோடு கூட்டினால் அபரான்னத் தொடக்கம். நான்கு முறை கூட்டினால் முடிவு.

2024 ஐப்பசி அமாவாசையை எடுத்து ஊர் ஊராகப் போட்டுப் பார்ப்போம். இந்திய நேரப்படி அது அக்டோபர் 31 பிற்பகல் 3:52-க்குத் தொடங்கி நவம்பர் 1 மாலை 6:16-க்கு முடிந்தது. மொத்தம் 26 மணி 24 நிமிடம், நீளமான திதிகளில் ஒன்று.

சென்னை. அக்டோபர் 31 அன்று உதயம் 6:02, அஸ்தமனம் 5:43 என்று வைத்தால் பகல் 701 நிமிடம், ஒரு பங்கு 140. அபரான்னம் பிற்பகல் 1:03 முதல் 3:23 வரை. அமாவாசை பிறந்ததோ 3:52-க்கு. அரை மணி தாமதம். ஆகவே 31 இல்லை, மறுநாள் அபரான்னம் முழுவதும் அமாவாசை இருப்பதால் நவம்பர் 1. அக்கா சொன்னது சரி.

நியூயார்க். அமாவாசை அங்கே அக்டோபர் 31 காலை 6:22 முதல் நவம்பர் 1 காலை 8:46 வரை. 31 அன்று உதயம் 7:23, மறுநாள் 7:24. இரண்டு உதயத்திலும் அமாவாசை இருக்கிறது. செயலி இரண்டு நாளும் அமாவாசை என்று காட்டியதன் காரணம் இதுதான், அதில் பிழை இல்லை. இப்போது அபரான்னத்தைப் பாருங்கள். 31 அன்று அஸ்தமனம் 5:53, பகல் 630 நிமிடம், ஒரு பங்கு 126. அபரான்னம் 1:41 முதல் 3:47 வரை, முழுக்க அமாவாசை. நவம்பர் 1 அன்று காலையிலேயே திதி முடிந்துவிட்டது. ஆகவே தர்ப்பணம் அக்டோபர் 31, வியாழக்கிழமை. கோயில் அட்டவணையும் சரி.

லண்டன். இதுதான் சுவையானது. அமாவாசை 31 காலை 10:22 முதல் நவம்பர் 1 பகல் 12:46 வரை. 31 அன்று உதயத்தில் சதுர்த்தசி, 1 அன்று உதயத்தில் அமாவாசை. உதயத் திதியை மட்டும் காட்டும் எந்தக் காலண்டரும் லண்டனுக்கு நவம்பர் 1-ஐத்தான் அமாவாசை என்று அச்சிடும். ஆனால் குளிர்காலப் பகல் குறுகியது. அபரான்னம் ஏறக்குறைய 12:40-க்குத் தொடங்கி 2:37-க்கு முடிந்துவிடுகிறது. நவம்பர் 1 அபரான்னத்தில் அமாவாசை ஐந்தாறு நிமிடமே. 31 அன்றோ அபரான்னம் முழுவதும். ஆகவே தர்ப்பணத்துக்கு அக்டோபர் 31. காலண்டரும் சரி, தர்ப்பண நாளும் சரி, இரண்டும் வேறு தேதி.

துபாய். இரண்டு நாளையும் தொடும் ஊர். அமாவாசை 31 பிற்பகல் 2:22-க்குப் பிறக்கிறது, அபரான்னம் ஏறக்குறைய 1:09 முதல் 3:24 வரை. 31 அன்று ஒரு மணி நேரம் கிடைக்கிறது. மறுநாள் அமாவாசை 4:46 வரை இருப்பதால் அபரான்னம் முழுவதும் கிடைக்கிறது. இரண்டு நாளும் தொட்டால் அதிகம் இருக்கும் நாள் என்பது பொது விதி. ஆகவே நவம்பர் 1.

சிங்கப்பூரிலும் சிட்னியிலும் அமாவாசை 31 அன்று சூரியன் சாயும் நேரத்திலோ இரவிலோ பிறப்பதால் அங்கே சிக்கலே இல்லை, நவம்பர் 1. பொதுவாக, இந்தியாவுக்குக் கிழக்கே தேதி பெரும்பாலும் ஊரோடு ஒத்துப்போகும், மேற்கே போகப்போக ஒரு நாள் முந்தும் வாய்ப்பு கூடும். ஆனால் ‘அமெரிக்கா என்றால் ஒரு நாள் முன்பு’ என்று சூத்திரம் போட்டுக்கொள்ளாதீர்கள். திதி எந்த மணிக்குப் பிறக்கிறது என்பதைப் பொறுத்துப் பல மாதங்களில் இரண்டு ஊரிலும் ஒரே தேதியே வரும்.

ஒரு சின்ன விஷயம். எந்த நாள் என்று தீர்மானிக்கத்தான் அபரான்னம். அலுவலகம் போகிறவர்கள் அந்த நாளில் காலையிலேயே தர்ப்பணத்தை முடிப்பது பரவலாக உள்ள வழக்கம். லண்டன் போன்ற நிலையில் காலையில் செய்தால் சதுர்த்தசியிலேயே செய்ததாகிவிடுமே என்ற கேள்வி வரும். முடிந்தால் திதி பிறந்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது. அன்று 10:22-க்குப் பிறகு என்றால் உணவு இடைவேளையில் முடியும்.

## 6. மாத எல்லையில் இருந்தால் நின்று பாருங்கள்

தமிழ் வழக்கில் சிராத்தத்துக்குச் சூரிய மாதமும் பட்சமும் திதியும் சேர்ந்துதான் முகவரி. மாதத்துக்கும் உதயக் கணக்கு போல ஓர் எல்லை உண்டு. சூரியன் அடுத்த ராசிக்குள் நுழையும் சங்கராந்தி அஸ்தமனத்துக்கு முன் நிகழ்ந்தால் அன்றே மாதம் முதல் தேதி, பின் நிகழ்ந்தால் மறுநாள். கேரளத்தில் இந்த எல்லை அஸ்தமனம் இல்லை, பகலின் ஐந்தில் மூன்று பங்கு.

2025-இல் மேஷ சங்கராந்தி இந்தியாவில் ஏப்ரல் 14 அதிகாலை 3:30 ஒட்டி. ஆகவே சித்திரை 1 ஏப்ரல் 14. நியூயார்க்கில் அதே கணம் ஏப்ரல் 13 மாலை 6 மணி. அன்று அஸ்தமனம் 7:30 தாண்டி. விதிப்படி அங்கே சித்திரை 1 ஏப்ரல் 13-ஆகிவிடுகிறது. லண்டனில் அது 13 இரவு 11 மணி, அஸ்தமனம் ஆகிவிட்டது, ஆகவே 14.

இப்போது ஏப்ரல் 13 பகலில் நியூயார்க்கில் ஒருவர் இறந்தால் பங்குனியா சித்திரையா? அந்த ஊரின் நாள் சித்திரை 1. ஆனால் உயிர் பிரிந்தபோது சூரியன் இன்னும் மீனத்தில். இங்கே சடங்கு செய்துவைக்கும் குடும்பத்து வாத்தியாரிடம் விட்டுவிடுவதே சரி. ஆனால் கேட்கும்போது ‘ஏப்ரல் 13’ என்று மட்டும் சொல்லாமல், மரண நேரத்தையும் சங்கராந்தி நேரத்தையும் இந்திய மணியில் எழுதி அனுப்புங்கள். தேதியை மட்டும் சொன்னால் அவர் ஊர்த் தாளைப் பார்த்து உடனே பங்குனி என்று சொல்லிவிடுவார், கேள்வியே எழாது. ஒரே சூரிய மாதத்தில் அதே திதி இரண்டு முறை வந்தாலோ வராமலே போனாலோ அதையும் அவரிடமே கேளுங்கள். பின்னால் வருவதை எடுப்பதே பொது வழக்கம் என்றாலும் அதற்கு விலக்குகள் உண்டு.

## 7. செயலியையும் வாட்சப்பையும் சரிபார்ப்பது

drikpanchang.com போன்ற தளங்கள் ஊரைச் சரியாகக் கொடுத்தால் உள்ளூர் உதயத்துக்கே கணித்துத் தரும். ஊரைக் கொடுக்காவிட்டால் வேறு ஏதோ ஊருக்குக் காட்டக்கூடும். சரிபார்க்க எளிய வழி, செயலி காட்டும் உதய நேரத்தை உங்கள் ஊர் வானிலைப் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். ஓரிரு நிமிடமோ நான்கைந்து நிமிடமோ வேறுபட்டால் கவலை இல்லை. சூரியனின் மேல் விளிம்பு தெரிவதை உதயம் என்பவர்களும் உண்டு, நடுப்பகுதி எழுவதை உதயம் என்பவர்களும் உண்டு. சரியாக ஒரு மணி வேறுபட்டால் கோடைநேரம் தவறியிருக்கிறது. அரை மணி வேறுபட்டால் வேறு ஊர் பதிவாகியிருக்கிறது.

சில செயலிகளில் ஊர் உங்கள் ஊராக இருக்கும், ஆனால் மணி இந்திய மணியாகவே நிற்கும். திதி முடியும் நேரத்தை இரண்டு ஊர்களுக்கு மாற்றி வைத்துப் பாருங்கள். எண் மாறவே இல்லை என்றால் அந்தச் செயலியை நம்ப வேண்டாம்.

ஊரில் இருந்து வரும் ‘இன்று மஹாளய அமாவாசை’ போன்ற செய்திகள் ஊருக்கு மட்டுமே. ராகுகாலமும் அப்படித்தான். ‘திங்கள் 7:30 முதல் 9 வரை’ என்பது உதயம் 6 மணி, பகல் 12 மணி என்று வைத்த கணக்கு. டிசம்பர் மாத லண்டனில் 7:30-க்கு விடிந்தே இருக்காது.

வடக்கே மிகத் தொலைவில் இருப்பவர்களுக்கு இந்த முறையே கைகொடுக்காது. நார்வேயின் திரோம்சோவில் நவம்பர் கடைசியில் இருந்து ஜனவரி நடுவரை சூரியன் உதிப்பதே இல்லை. உதயம் இல்லாத இடத்தில் நாளும் இல்லை, அபரான்னமும் இல்லை. அங்கே இருப்பவர்கள் உதயம் உள்ள ஓர் ஊரைத் தேர்ந்து, வருடம் முழுவதும் அதையே வைத்துக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

## 8. எப்போது பார்ப்பது, எப்படி எழுதி வைப்பது

புதுத் தமிழ் வருடத்துப் பஞ்சாங்கம் சித்திரைக்கு முன்பே வந்துவிடும். வந்ததும் ஒரே உட்காரலில் அந்த வருடத்துத் திதித் தேதிகளை உங்கள் ஊருக்குக் கணித்து நாள்காட்டியில் ஏற்றிவிடுங்கள். விடுப்பு எழுதவும் வாத்தியாரிடம் நேரம் வாங்கவும் அதுவே தோது. நாள்காட்டிச் செயலியில் ‘ஒவ்வொரு வருடமும் இதே தேதி’ என்று நினைவூட்டல் வைத்துவிடாதீர்கள், திதி ஒவ்வொரு வருடமும் நகரும்.

அண்ணன் சென்னையிலும் தம்பி நியூஜெர்சியிலும் தனித்தனியே செய்தால், அவரவர் ஊர்க் கணக்கில் இரண்டு தேதி வரலாம். செய்பவர் இருக்கும் ஊரை வைத்துப் பார்ப்பதே பெரும்பாலான வாத்தியார்கள் சொல்லும் முறை. அண்ணன் செய்யும் நாளிலேயே தம்பியும் செய்ய வேண்டும் என்று குடும்பம் விரும்பினால், அதை ஒருமுறை பேசி முடிவெடுங்கள். ஒரு வருடம் ஊர்க் கணக்கு, மறு வருடம் உள்ளூர்க் கணக்கு என்று மாற்றிக்கொண்டே போகாதீர்கள்.

குடும்பக் குறிப்பேட்டில் இப்படி ஒரு வரி இருந்தால் போதும், அடுத்த தலைமுறையில் யார் எந்த ஊரில் இருந்தாலும் மறுபடி கணித்துக்கொள்ளலாம்:

‘நியூயார்க், 2024 நவம்பர் 1, காலை 10:00 (கோடைநேரம்). இந்திய நேரம் அதே நாள் இரவு 7:30. ஐப்பசி, வளர்பிறை, பிரதமை. திருக்கணிதம். நேரம் எடுத்தது மருத்துவமனைத் தாளில் இருந்து.’